குறுக்கே பெருக்கும் முன் கீழே பாருங்கள்

ஒரு கபடிக் குழு 11 ஆட்டம் ஆடி 7-இல் வென்றிருக்கிறது. இன்னொரு குழு 8 ஆட்டம் ஆடி 5-இல் வென்றிருக்கிறது. எந்தக் குழுவின் வெற்றி விகிதம் அதிகம்? முதல் குழு இரண்டு ஆட்டம் கூடுதலாக வென்றிருக்கிறது. ஆனால் மூன்று ஆட்டம் கூடுதலாக ஆடியும் இருக்கிறது. பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிட முடியாது. 7/11 பெரிதா, 5/8 பெரிதா என்பதுதான் கேள்வி.

போட்டித் தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகளிடம் கேட்டால் விடை சட்டென்று வரும். ஏழெட்டு ஐம்பத்தாறு. ஐந்தும் பதினொன்றும் பெருக்கினால் ஐம்பத்தைந்து. 56 பெரிது, அதனால் 7/11 பெரிது. ஒரு பின்னத்தின் மேல் எண்ணை அடுத்த பின்னத்தின் கீழ் எண்ணால் பெருக்கி, கிடைக்கும் இரண்டு முழு எண்களை ஒப்பிட்டுப் பார்க்கும் இந்த வழிக்குத்தான் குறுக்குப் பெருக்கல் என்று பெயர். மேல் எண்ணைத் தொகுதி என்றும் கீழ் எண்ணைப் பகுதி என்றும் பள்ளியில் படித்திருப்பீர்கள்.

விடை சரிதான். அது ஏன் சரியாக வருகிறது என்று கேட்டால் பலர் நின்றுவிடுகிறார்கள். அந்தக் காரணம் தெரியாவிட்டால் ஆறாம் வகுப்பில் நட்டம் எதுவும் இல்லை. பதினொன்றாம் வகுப்பில் உண்டு. அங்கே இதே வழி, இதே வேகத்தில், தவறான விடையைக் கையில் கொடுத்துவிடும். ஆகவே காரணத்திலிருந்தே தொடங்குவோம்.

56, 55 என்ற இரண்டு எண்களும் எதைக் குறிக்கின்றன? இரண்டு குழுக்களும் இதே விகிதத்தில் தொடர்ந்து வென்று, ஆளுக்கு 88 ஆட்டம் ஆடியதாக வைத்துக்கொள்ளுங்கள். 88 என்பது 11-ஐயும் 8-ஐயும் பெருக்கி வந்தது. முதல் குழுவுக்கு 11 ஆட்டத்துக்கு 7 வெற்றி. 88 ஆட்டம் என்பது எட்டு மடங்கு. அப்படியானால் 56 வெற்றி. இரண்டாவது குழுவுக்கு 8 ஆட்டத்துக்கு 5 வெற்றி. 88 என்பது பதினொரு மடங்கு. ஆக 55 வெற்றி. இருவரும் ஒரே எண்ணிக்கையில் ஆடியிருப்பதால் வெற்றிகளை நேராக ஒப்பிடலாம். 56/88 பெரிது, 55/88 சிறிது.

குறுக்குப் பெருக்கலில் நடப்பது இவ்வளவுதான். இரண்டு பின்னங்களுக்கும் பகுதியைப் பொதுவாக்குகிறோம். பகுதி ஒன்றாகிவிட்ட பிறகு அதை எழுதாமல் விட்டுவிட்டு, தொகுதிகளை மட்டும் பார்க்கிறோம். அந்த 88 தாளில் தெரிவதில்லை. ஆனால் கணக்கு முழுக்க அதன் மேல்தான் நிற்கிறது. கண்ணுக்குத் தெரியாத இந்தப் பொதுப் பகுதியை மனத்தில் வைத்திருப்பவருக்கு இந்த வழியில் எந்தத் தவறும் நேராது.

பிள்ளைகள் செய்யும் முதல் தவறும் இந்த 88-ஐ மறந்ததால் வருவதுதான். 5/8, 7/11 என்று இடம் மாற்றி எழுதிக் கொடுங்கள். சிலர் இடப்பக்கக் கீழ் எண்ணான 8-இலிருந்து தொடங்குவார்கள். எட்டேழு ஐம்பத்தாறு என்று பெருக்கி, தொடங்கிய இடம் இடப்பக்கம் என்பதால் 56-ஐ இடப்பக்கமே எழுதுவார்கள். பிறகு மறுபக்கம் 55. இடப்பக்கம் பெரிது, அதனால் 5/8 பெரிது என்று முடித்துவிடுவார்கள். பெருக்கல் இரண்டும் சரி, விடை தலைகீழ். பெருக்கி வந்த எண்ணை எந்தத் தொகுதியைப் பெருக்கினோமோ அதன் தலைக்கு மேல் எழுத வேண்டும். 7-ஐப் பெருக்கி வந்த 56 ஏழின் தலைமேல். 5-ஐப் பெருக்கி வந்த 55 ஐந்தின் தலைமேல். பெருக்கலை எப்போதும் மேல் எண்ணிலிருந்து தொடங்கும் பழக்கம் வந்துவிட்டால் இந்தக் குழப்பமே எழாது.

இரண்டாவது தவறு மூன்று பின்னங்கள் வரும்போது நேர்வது. 2/3, 7/11, 5/8 மூன்றையும் வரிசைப்படுத்தச் சொன்னால், 2/3-ஐயும் 7/11-ஐயும் பெருக்கினால் 22, 21 கிடைக்கும். 7/11-ஐயும் 5/8-ஐயும் பெருக்கினால் 56, 55. இந்த நான்கு எண்களையும் ஒன்றாகப் போட்டு, 56-தான் எல்லாவற்றையும் விடப் பெரிது, ஆகவே 7/11-தான் மிகப் பெரிய பின்னம் என்று எழுதும் பிள்ளைகள் உண்டு. 22-உம் 21-உம் 33-இன் மேல் நிற்பவை. 56-உம் 55-உம் 88-இன் மேல் நிற்பவை. ஒரு ஜோடியில் வந்த எண்ணை இன்னொரு ஜோடியின் எண்ணோடு ஒப்பிட முடியாது. இரண்டு இரண்டாகத்தான் பார்க்க வேண்டும். அப்படிப் பார்த்தால் 2/3 முதலில், 7/11 அடுத்து, 5/8 கடைசி.

பொதுப் பகுதியை நினைவில் வைத்தால் இன்னொன்றும் சேர்ந்து கிடைக்கிறது. எது பெரிது என்பதோடு எவ்வளவு பெரிது என்பதும் தெரிந்துவிடும். 56-க்கும் 55-க்கும் வித்தியாசம் 1. ஆனால் பின்னங்களுக்கு இடையே உள்ள வித்தியாசம் 1 அல்ல, 1/88. பெருக்கி வந்த எண்களின் வித்தியாசத்தைப் பொதுப் பகுதியால் வகுக்க வேண்டும். இது எவ்வளவு நுட்பமாக வேலை செய்யும் என்று காட்ட எனக்கு மிகவும் பிடித்த உதாரணம், வட்டத்தின் சுற்றளவுக்கும் விட்டத்துக்கும் உள்ள விகிதமான பை.

பை மதிப்பை 22/7 என்று நாம் எல்லோரும் எழுதியிருக்கிறோம். உண்மையில் அது பையை விடக் கொஞ்சம் பெரிது. கி.மு. 3-ஆம் நூற்றாண்டில் ஆர்க்கிமிடீஸ், வட்டத்தின் உள்ளும் புறமும் 96 பக்கமுள்ள பலகோணங்களை வைத்து, பை 22/7-ஐ விடச் சிறியது, 223/71-ஐ விடப் பெரியது என்று நிறுவினார். சீனத்தில் 5-ஆம் நூற்றாண்டில் சூ சோங்சி 355/113 என்ற பின்னத்தைக் கொடுத்தார். அதே காலத்தில், கி.பி. 499-ஐ ஒட்டி, ஆரியபட்டர் விட்டம் 20000 உள்ள வட்டத்துக்குச் சுற்றளவு ஏறத்தாழ 62832 என்றார். 62832/20000 என்பதை 16-ஆல் சுருக்கினால் 3927/1250.

சூ சோங்சியின் பின்னமும் ஆரியபட்டரின் பின்னமும் பக்கத்தில் நிற்கின்றன. 355/113, 3927/1250. எது பெரிது? கால்குலேட்டரில் வகுத்து நான்கு தசம இடத்துக்குத் திருத்தினால் இரண்டும் 3.1416 என்றே வரும். சமம் என்று முடிவு கட்டத் தோன்றும். குறுக்கே பெருக்கிப் பாருங்கள். 355-ஐ 1250-ஆல் பெருக்கினால் 4,43,750. 3927-ஐ 113-ஆல் பெருக்கினால் 4,43,751. வித்தியாசம் ஒன்றே ஒன்று! ஆரியபட்டரின் பின்னம்தான் பெரிது, பெரிதாக இருப்பது 1,250 பெருக்கல் 113, அதாவது 1,41,250-இல் ஒரு பங்கு. இரண்டு முழு எண்களைப் பெருக்கியதிலேயே சந்தேகத்துக்கு இடமில்லாத தீர்ப்பு வந்துவிட்டது. வகுத்துப் பார்க்கும் வழியில் தசம இடங்களை எங்கே நிறுத்துவது என்ற கேள்வி எப்போதும் இருக்கும். இங்கே அந்தக் கேள்வியே இல்லை.

22/7-ஐயும் 355/113-ஐயும் பெருக்கிப் பார்த்தால் 2486, 2485. அங்கும் வித்தியாசம் ஒன்று. ஆர்க்கிமிடீஸின் இரண்டு எல்லைகளான 22/7, 223/71 இரண்டையும் பெருக்கினால் 1562, 1561. மறுபடியும் ஒன்றுதான் வித்தியாசம். வித்தியாசம் மூன்று ஜோடியிலும் ஒன்றாகவே இருந்தாலும், பின்னங்களின் இடைவெளி ஒன்றல்ல. ஆர்க்கிமிடீஸின் எல்லைகளுக்கு இடையே 1/497, 22/7-க்கும் 355/113-க்கும் இடையே 1/791, கடைசி ஜோடிக்கு 1/1,41,250. பொதுப் பகுதி பெரிதாகப் பெரிதாக அதே ஒன்று சிறுத்துக்கொண்டே போகிறது.

இதுவரை எடுத்த எல்லா உதாரணங்களிலும் பகுதி மிகை எண். ஆடிய ஆட்டங்கள், வட்டத்தின் விட்டம், மாணவர் எண்ணிக்கை, மொத்த மதிப்பெண், லிட்டர், கிலோ என்று எண்ணியோ அளந்தோ கிடைக்கும் எதுவும் சுழியத்துக்குக் கீழே போகாது. ஐந்தாம் ஆறாம் வகுப்புப் பின்னங்கள் எல்லாம் இப்படிப்பட்டவைதான். அதனால்தான் அந்த வயதில் இந்த வழியைச் சொல்லிக்கொடுக்கும்போது நிபந்தனை எதுவும் சொல்வதில்லை. நிபந்தனை இல்லை என்று அதற்குப் பொருள் அல்ல. அது தானாகவே நிறைவேறிக்கொண்டிருக்கிறது.

குறை எண்கள் பாடத்தில் நுழைந்ததும் நிலைமை மாறுகிறது. 1/(-2), 1/3 என்ற இரண்டையும் எடுத்துக்கொள்வோம். ஒன்றை மைனஸ் இரண்டால் வகுத்தால் மைனஸ் அரை. அது சுழியத்துக்குக் கீழே. 1/3 சுழியத்துக்கு மேலே. எது பெரிது என்பதில் ஐயமே இல்லை. ஆனால் குறுக்கே பெருக்கினால் முதல் பின்னத்தின் தலையில் 1 × 3 = 3. இரண்டாவதன் தலையில் 1 × (-2) = -2. மூன்று பெரிது, ஆகவே 1/(-2) பெரிது என்கிறது வழி. மைனஸ் அரை மூன்றில் ஒரு பங்கை விடப் பெரிதாம். பெருக்கலில் பிழை இல்லை. விடை மட்டும் அப்பட்டமாகத் தவறு.

என்ன நடந்தது என்பதற்கு விடை மறைந்திருக்கும் அந்தப் பொதுப் பகுதியில் இருக்கிறது. இரண்டு பகுதிகளையும் பெருக்கினால் -6. இரண்டு பின்னங்களும் இப்போது 3/(-6), (-2)/(-6). நாம் -6-ஐ எழுதாமல் விட்டுவிட்டு மேலே இருக்கும் 3-ஐயும் -2-ஐயும் ஒப்பிட்டோம். பொதுப் பகுதி மிகை எண்ணாக இருந்தால் தொகுதி பெரியதே பின்னமும் பெரியது. பொதுப் பகுதி குறை எண்ணானால் வரிசை புரண்டுவிடும். 2, 3 இரண்டையும் -1-ஆல் பெருக்கினால் -2, -3 ஆகும். முன்பு சிறியதாக இருந்தது இப்போது பெரியது. குறை எண்ணால் பெருக்கினாலும் வகுத்தாலும் எண்கோட்டில் இடமும் வலமும் மாறிவிடும். பெரிது என்னும் குறி சிறிது என்று திரும்ப வேண்டும். நாம் திருப்பவில்லை, ஏனென்றால் -6-ஐ நாம் பார்க்கவே இல்லை.

ஆகவே நிபந்தனையைத் துல்லியமாகச் சொல்லலாம். a/b, c/d என்ற இரண்டு பின்னங்களில் b × d மிகை எண்ணாக இருந்தால், a × d, c × b இரண்டையும் அப்படியே ஒப்பிடலாம். b × d குறை எண்ணானால் கிடைக்கும் விடையைத் திருப்பிப் போட வேண்டும். இரண்டு பகுதிகளும் குறை எண்களாக இருந்தால்? அவற்றின் பெருக்கற்பலன் மிகை எண்தான், ஆகவே வழி சரியாகவே வேலை செய்யும். 1/(-2), 1/(-3) இரண்டையும் பெருக்கிப் பார்த்தால் -3, -2 வரும். இரண்டாவது பெரிது என்று சொல்லும். மைனஸ் மூன்றில் ஒரு பங்கு மைனஸ் அரையை விடப் பெரிது என்பது உண்மைதானே. ஆபத்து வருவது ஒரு பகுதி மிகையாகவும் மற்றது குறையாகவும் இருக்கும்போது மட்டுமே. தொகுதியில் மைனஸ் இருப்பதால் எந்தத் தொல்லையும் இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். -2/3, -3/4 இரண்டையும் பெருக்கினால் -8, -9. -8 பெரிது, -2/3 பெரிது. கவனிக்க வேண்டியது கீழ்ப்பக்கம் மட்டும்.

பகுதி சுழியமானால் ஒப்பிடுவதற்கு எதுவுமே இல்லை. 5/0 என்பது ஓர் எண் அல்ல. ஆனால் குறுக்குப் பெருக்கலுக்கு அது தெரியாது. 5/0-ஐயும் 3/4-ஐயும் கொடுத்தால் 20, 0 என்று பெருக்கி, 5/0 பெரிது என்று சொல்லிவிடும். பகுதி சுழியம் இல்லை என்று பார்த்துவிட்ட பிறகே பெருக்கத் தொடங்க வேண்டும்.

நடைமுறையில் விடையைத் திருப்பிப் போடும் விதியை நினைவில் வைத்துக்கொள்ளச் சொல்வதை நான் விரும்புவதில்லை. அவசரத்தில் அது மறந்துபோகும். அல்லது திருப்பினோமா இல்லையா என்ற சந்தேகத்தில் இரண்டு முறை திருப்பிவிடுவோம். அதைவிட எளிய வழி ஒன்று உண்டு. பகுதியில் மைனஸ் தென்பட்டால் அதைத் தொகுதிக்கு ஏற்றிவிடுங்கள். 1/(-2) என்பதை (-1)/2 என்று எழுதுங்கள். மேலும் கீழும் -1-ஆல் பெருக்கியிருக்கிறோம், மதிப்பு மாறாது. இப்போது (-1)/2, 1/3. பெருக்கினால் -3, 2. இரண்டு பெரிது, 1/3 பெரிது. கணக்கு பழைய தடத்துக்கு வந்துவிட்டது.

பகுதியில் மைனஸ் எழுதுவது யார் என்று கேட்கலாம். வேண்டுமென்று யாரும் எழுதுவதில்லை. அது கழித்தலின் வழியாக நுழைகிறது. வரைபடத்தாளில் ஒரு கோட்டின் சாய்வைக் கணக்கிடுவதை நினைத்துப் பாருங்கள். இரண்டு புள்ளிகளின் y மதிப்புகளைக் கழித்து மேலேயும், x மதிப்புகளைக் கழித்துக் கீழேயும் போடுகிறோம். ஒரு கோடு (2, 4), (6, 1) என்ற புள்ளிகள் வழியாகப் போகிறது. வலப்பக்கம் போகப் போகக் கீழே இறங்கும் கோடு. இன்னொன்று (1, 1), (6, 5) வழியாக மேலே ஏறும் கோடு. இரண்டாவதன் சாய்வு 4/5. முதல் கோட்டுக்கு ஒரு மாணவி (6, 1)-ஐ முதலில் எடுத்து, (4 - 1)/(2 - 6) என்று போடுகிறாள். 3/(-4). இதில் தவறே இல்லை. அடுத்து அவள் குறுக்கே பெருக்குகிறாள். 3 × 5 = 15. 4 × (-4) = -16. பதினைந்து பெரிது, ஆகவே இறங்கும் கோட்டின் சாய்வு ஏறும் கோட்டின் சாய்வை விட அதிகம் என்று எழுதுகிறாள்.

பக்கத்தில் இருப்பவள் (2, 4)-ஐ முதலில் எடுத்தாள். (1 - 4)/(6 - 2), அதாவது (-3)/4. அவளுக்கு -15, 16 கிடைத்தன. சரியான விடை வந்தது. இருவரும் ஒரே கோட்டைத்தான் எடுத்தார்கள், சாய்வின் மதிப்பும் ஒன்றுதான். எந்தப் புள்ளியை முதலில் எழுதினார்கள் என்பது மட்டுமே வேறு. அதற்கே விடை புரண்டுவிட்டது. இப்படிப்பட்ட பிழை கணக்கில் எங்கேயோ கூட்டல் தவறு என்று பிள்ளைகளைத் தேட வைத்து அலைக்கழிக்கும். தேடினால் கிடைக்காது, ஏனென்றால் கூட்டல், கழித்தல், பெருக்கல் எல்லாம் சரி.

இதைவிடப் பெரிய பொறி பகுதியில் x வரும்போது இருக்கிறது. பத்தாம் வகுப்பு வரை பிள்ளைகள் சமன்பாடுகளில் தாராளமாகக் குறுக்கே பெருக்குகிறார்கள். (x + 1)/(x - 2) = 3 என்று இருந்தால் x + 1 = 3x - 6 என்று எழுதி x = 3.5 என்று கண்டுபிடிக்கிறார்கள். இங்கே x - 2 மிகையா குறையா என்று பார்க்க வேண்டிய அவசியமில்லை. சமமான இரண்டை எந்த எண்ணால் பெருக்கினாலும் சமமாகவே இருக்கும். மைனஸால் பெருக்கினாலும் சமம் சமம்தான். x - 2 சுழியம் ஆகாமல் இருந்தால் போதும். ஆண்டுக்கணக்காக இப்படியே செய்து கை பழகிவிடுகிறது.

பிறகு ஒரு நாள் நடுவில் இருக்கும் சமக்குறிக்குப் பதிலாகப் பெரிதுக்குறி வருகிறது. (x + 1)/(x - 2) > 3 என்பது எந்த x மதிப்புகளுக்கு உண்மை? பழகிய கை அதே வேலையைச் செய்கிறது. x + 1 > 3x - 6. இருபுறமும் ஒழுங்குபடுத்தினால் 7 > 2x. ஆகவே x, 3.5-ஐ விடச் சிறியதாக இருந்தால் போதும். சுத்தமாக எழுதிய மூன்று வரி. விடை தவறு.

சரிபார்ப்பது எளிது. 3.5-ஐ விடச் சிறிய எண் ஒன்றைப் போடுங்கள். x = 1 என்றால் 2/(-1), அதாவது -2. அது 3-ஐ விடப் பெரிதா? இல்லை. x = 0 என்றால் மைனஸ் அரை. அதுவும் இல்லை. x = 3 என்றால் 4/1, அதாவது 4; இது சரி. அப்படியானால் கிடைத்த விடையில் ஒரு பகுதி உண்மை, ஒரு பகுதி பொய். எங்கே பிரிகிறது? x = 2 என்ற இடத்தில். 2-க்கு மேலே x - 2 மிகை. அங்கே பெருக்கியது செல்லும். 2-க்குக் கீழே x - 2 குறை. அங்கே குறியைத் திருப்பியிருக்க வேண்டும், திருப்பவில்லை. x-இன் மதிப்பே தெரியாதபோது x - 2 மிகையா குறையா என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. தெரியாத ஒன்றால் பெருக்கிவிட்டோம்.

இந்த இடத்தில் குறுக்குப் பெருக்கலைக் கீழே வைத்துவிடுவதே நல்லது. வலப்பக்கத்து 3-ஐ இடப்பக்கம் கொண்டுவந்து ஒரே பின்னமாக்குங்கள். (x + 1)/(x - 2) - 3 என்பதைப் பொதுப் பகுதியில் எழுதினால் (7 - 2x)/(x - 2). இது சுழியத்தை விடப் பெரிதாக இருக்க வேண்டும். ஒரு பின்னம் சுழியத்தை விடப் பெரிதாக இருக்க, மேலும் கீழும் ஒரே குறியில் இருக்க வேண்டும். 7 - 2x மிகையாக இருப்பது 3.5-க்குக் கீழே, x - 2 மிகையாக இருப்பது 2-க்கு மேலே. இரண்டும் சேர்ந்து மிகையாக இருப்பது 2-க்கும் 3.5-க்கும் நடுவே. இரண்டும் சேர்ந்து குறையாக இருக்க x ஒரே நேரத்தில் 3.5-ஐ விடப் பெரிதாகவும் 2-ஐ விடச் சிறிதாகவும் இருக்க வேண்டும், அது நடக்காது. ஆகவே விடை, 2-க்கும் 3.5-க்கும் இடைப்பட்ட எண்கள் மட்டும். இரண்டு முனைகளும் சேராது. முதலில் கிடைத்த விடையில் 2-க்குக் கீழே இருந்த எண்கள் எல்லாம் வீணாகச் சேர்ந்துகொண்டவை.

x வந்தாலே பயப்பட வேண்டும் என்று இதற்குப் பொருள் இல்லை. பகுதி x² + 1 என்று இருந்தால், எந்த மெய்யெண்ணின் வர்க்கமும் சுழியத்துக்குக் கீழே போகாது என்பதால் அது எப்போதும் மிகை. அங்கே தாராளமாகக் குறுக்கே பெருக்கலாம். கணக்கிலேயே x, 2-ஐ விடப் பெரியது என்று கொடுத்திருந்தாலும் பெருக்கலாம். கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான், பகுதி மிகை என்று உறுதியாகத் தெரியுமா?

கணினி நிரல் எழுதுகிறவர்களும் இதே கேள்வியைச் சந்திக்கிறார்கள். பைத்தானில் பின்னங்களுக்கென்றே இருக்கும் Fraction என்ற வகை, இரண்டு பின்னங்களை ஒப்பிடக் குறுக்குப் பெருக்கலைத்தான் பயன்படுத்துகிறது. ஆனால் அதற்கு முன்பே, பின்னத்தை உருவாக்கும்போதே, பகுதியில் இருக்கும் மைனஸைத் தொகுதிக்கு ஏற்றிவிடுகிறது.

```python
from fractions import Fraction

print(1 * 3 > 1 * (-2))                  # True
print(Fraction(1, -2))                   # -1/2
print(Fraction(1, -2) > Fraction(1, 3))  # False
```

முதல் வரி கையால் கண்ணை மூடிக்கொண்டு பெருக்கியது, தவறான விடை. மூன்றாவது வரி மைனஸை மேலே ஏற்றிய பிறகு ஒப்பிட்டது, சரியான விடை. மேலே தாளில் செய்த அதே திருத்தம்தான்.

நிரலில் இன்னோர் ஆபத்தும் உண்டு, அது பகுதி மிகையாக இருந்தாலும் வரும். ஜாவாவில் int வகை எண் 2,14,74,83,647 வரைதான் பிடிக்கும். 50000-ஐ 50000-ஆல் பெருக்கினால் 250 கோடி. அது அந்த எல்லையைத் தாண்டிச் சுற்றிவந்து -1,79,49,67,296 என்று நிற்கும். பெரிய எண் மைனஸ் ஆகிவிட்டால் ஒப்பீடும் புரண்டுவிடும். ஐந்திலக்க எண்கள் வரக்கூடும் என்றால் long வகையில் பெருக்க வேண்டும். பைத்தானில் முழு எண்ணுக்கு இந்த எல்லை இல்லை.

சில ஜோடிகளுக்குப் பெருக்கவே தேவையில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். 4/9-ஐயும் 6/11-ஐயும் கேட்டால், ஒன்பதில் பாதி நான்கரை, 4 அதற்குக் குறைவு. பதினொன்றில் பாதி ஐந்தரை, 6 அதற்கு மேல். ஒன்று அரைக்குக் கீழே, ஒன்று அரைக்கு மேலே. முடிந்தது. 7/11, 5/8 போல இரண்டும் அரைக்கு ஒரே பக்கத்தில் நெருக்கமாக நிற்கும்போதுதான் குறுக்குப் பெருக்கலுக்கு வேலை.

பிள்ளைகளின் கணக்கு நோட்டைப் பார்க்கும் பெற்றோருக்கும் ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். குறுக்கே பெருக்கிச் சரியான விடை எழுதியிருந்தால் சரி என்று குறி போட்டுவிட்டு, பொதுப் பகுதி என்ன என்று ஒரு வார்த்தை கேளுங்கள். 88 என்று சொல்லத் தெரிந்த பிள்ளைக்கு வழி புரிந்திருக்கிறது. சொல்லத் தெரியாவிட்டால் மனப்பாடம் செய்திருக்கிறது. எட்டாம் வகுப்பைத் தாண்டியவர்களுக்கு 5/(-7), (-3)/4 என்ற இரண்டையும் கொடுத்து எது பெரிது என்று கேட்டுப் பாருங்கள். அப்படியே பெருக்கினால் 20, 21 வரும், இரண்டாவது பெரிது என்று சொல்லத் தோன்றும். மைனஸை மேலே ஏற்றிவிட்டுப் பெருக்கினால் -20, -21. முதல் பின்னம்தான் பெரிது.